42 ஸ்லைடு உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை ஒரு பக்க அட்டையாக மாற்றுவது எப்படி

பயிற்சியாளர் வந்தார், ப்ரொஜெக்டரில் 42 ஸ்லைடு ஓட்டினார், எல்லோரும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டோம், டீ குடித்தோம். மறுநாள் காலை அடுப்படி எப்போதும் போலவே ஓடியது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்த ஸ்லைடை எல்லாம் தினமும் டிக் அடிக்கிற மாதிரி ஒரு செக்லிஸ்டா போட்டுக் குடுங்க" என்றார். நான் அந்த உணவகத்தில் சூப்பர்வைசராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஸ்லைடில் இருந்த வரிகளை அப்படியே எடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டேன். மூன்று பக்கம், 68 வரி. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், இரவு கடை மூடும்போது கல்லாவில் உட்கார்ந்து ஒரே ஆள், ஒரே பேனாவில், 68 கட்டத்தையும் மேலிருந்து கீழாக நிரப்பிக்கொண்டிருந்தார். தவறு அவருடையது இல்லை. பகலில் நின்று நிரப்ப முடியாத தாளை நான்தான் கொடுத்திருந்தேன்.

அதற்கப்புறம் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாதிரி செய்தேன். உங்கள் கையிலும் இப்படி ஒரு ஸ்லைடு தொகுப்பு வந்திருந்தால், நான் போன வழியை அப்படியே சொல்கிறேன். உணவகச் சமையலறையைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஸ்லைடு ஏன் அப்படியே செக்லிஸ்ட் ஆகாது

உணவகங்களுக்கான பயிற்சி பெரும்பாலும் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிம விதிகளின் (2011) நான்காம் அட்டவணையை ஒட்டித்தான் இருக்கும். 25 பேருக்கு ஒருவராவது அந்த ஆணையத்தின் ஃபோஸ்டாக் என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சூப்பர்வைசர் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்து வருவது. அந்த அட்டவணை தலைப்பு வாரியாகப் போகும்: கட்டடம், பாத்திரங்கள், தண்ணீர், கழிவு, பணியாளர் சுத்தம், சேமிப்பு, இப்படி. ஸ்லைடும் அதே வரிசையில் வரும். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு அந்த வரிசை வசதிதான். சாம்பார், குழம்பு வைக்கும் சரக்கு மாஸ்டருக்கோ நாள் என்பது தலைப்பு வாரியாக வருவதில்லை, நேரம் வாரியாக வருகிறது. ஆறு மணிக்குப் பால் வருகிறது, பத்தரைக்குச் சாம்பார் இறங்குகிறது, மூன்றரைக்கு அடுப்படி கொஞ்சம் மூச்சு விடுகிறது. தலைப்பு வாரியாக இருப்பதை நேரம், ஆள், இடம் வாரியாகப் பிரித்து அடுக்குவதுதான் இந்த வேலையே.

முதல் வேலை: மூன்று நிறப் பேனா

ஸ்லைடுகளை ஒரு பக்கத்துக்கு நான்காகப் பிரிண்ட் எடுங்கள். திரையில் செய்யாதீர்கள், தாளில் செய்யுங்கள். ஒவ்வொரு வரியையும் படித்து, இது இன்று யாராவது கையால் செய்ய வேண்டிய வேலையா என்று கேளுங்கள். ஆம் என்றால் சிவப்பு. மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை வருவது என்றால் நீலம்: பணியாளர்களின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை, தண்ணீர்ப் பரிசோதனை, பூச்சி மருந்து அடிப்பது மாதிரியானவை. கிருமி என்றால் என்ன, சட்டம் என்ன சொல்கிறது, அபராதம் எவ்வளவு மாதிரியான, தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களுக்குப் பச்சை.

நீலம் எல்லாம் ஒரு காலண்டருக்குப் போகட்டும், அதைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை, சமையல்காரருடையது இல்லை. பச்சை பயிற்சியிலேயே இருக்கட்டும். சிவப்பு மட்டும்தான் அட்டைக்கு. என்னுடைய 42 ஸ்லைடில் சிவப்பு இருந்தது 11 ஸ்லைடில்தான். மற்ற 31 ஸ்லைடில் இருந்ததைத்தான் நான் முதல் தடவை கட்டம் போட்டுத் தினமும் டிக் அடிக்கச் சொல்லியிருந்தேன். "சுவர்கள் வழுவழுப்பாகவும் கழுவக்கூடியதாகவும் உள்ளன" என்பதற்கு ஒருவர் தினமும் எப்படி டிக் அடிப்பார், நேற்று இருந்த சுவர்தானே இன்றும் இருக்கிறது?

அடுத்தது: ஒரு நாள் முழுக்க நில்லுங்கள்

கடை திறப்பதிலிருந்து மூடும் வரை ஒரு நாள், கையில் நோட்டுடன் அடுப்படி ஓரமாக நில்லுங்கள். யாரையும் திருத்த வேண்டாம், நேரத்தை மட்டும் குறியுங்கள். நீங்கள் தேடுவது, கை சும்மா இருக்கும் இடைவெளிகளை. தோசை மாஸ்டர் கல்லில் ஆறு தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது எந்த அட்டையையும் நிரப்ப மாட்டார், நிரப்பவும் கூடாது. எங்கள் கடையில் நான்கு இடைவெளிகள் கிடைத்தன: காலையில் பாலும் காய்கறியும் இறைச்சியும் இறங்கும் நேரம், மதியச் சாப்பாடு தொடங்குவதற்குக் கால் மணி முன்னால், மூன்றரை மணி, இரவு மூடும் நேரம்.

அறுவை சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலிலும் இதே ஏற்பாடுதான். மொத்தம் 19 வரிகள், மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அறையை விட்டுப் போவதற்கு முன் என்று மூன்று நிறுத்தங்கள். மனித உயிரைக் கையில் வைத்திருக்கும் அறையிலேயே 19 வரிதான் என்றால், சமையலறைக்கு 68 வரி எதற்கு என்று அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு வரியை முழுசாகச் செய்து பார்ப்போம்: ஃப்ரைடு ரைஸுக்கான சோறு

இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு வரியை மாற்றியபோதுதான் ஸ்லைடுக்கும் அடுப்படிக்கும் இருக்கும் தூரம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது.

ஸ்லைடில் இருந்தது இவ்வளவுதான்: "சமைத்த உணவை விரைவாகக் குளிரவைத்து 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே சேமிக்கவும்." அடுத்த வரியில், 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்றும் இருந்தது.

எங்கள் கடையில் இந்த விதி தினமும் தொடும் ஒரே வேலை, மாலை ஃப்ரைடு ரைஸுக்காக மூன்று மணிக்கு பாஸ்மதி வடித்து ஆறவைப்பது. சைனீஸ் மாஸ்டர் வடித்து, பெரிய தட்டுகளில் கொட்டி, ஃபேன் அடியில் வைத்துவிட்டு மூன்றரைக்குச் சாப்பிடப் போவார். ஆறரைக்கு முதல் ஆர்டர். முதலில் நான் "சோறு ஆறிவிட்டது" என்று ஒரு கட்டம் போட்டேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு மனசாரத்தான் டிக் அடித்தார். ஒரு நாள் ஐந்து மணிக்கு நான் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன். சோறு 36 டிகிரி. அறையின் வெப்பமே 35.

யோசித்துப் பாருங்கள், மே மாதத்து மதுரைப் பக்கத்து அடுப்படியில் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் சோறு அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. 21 டிகிரி என்பது ஃபேனால் எட்டவே முடியாத எண். 36 டிகிரி ஏறக்குறைய நம் உடம்புச் சூடு என்பதால், கையால் தொட்டால் சூடே தெரியாது, ஆறிவிட்டது என்றுதான் தோன்றும். அதே சூடுதான் சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவுக்கு மிகப் பிடித்த சூடு. அதன் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாகாமல் தங்கிவிடும், சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்துப் பெருகும், அப்போது அது உண்டாக்கும் வாந்தி நச்சு பிறகு வாணலியில் எவ்வளவு வறுத்தாலும் அழியாது. "கடைசியில் தீயில் போட்டுப் பிரட்டத்தானே போறோம்" என்று மாஸ்டர் சொன்னதற்கு இதுதான் பதில். இதை அவரிடம் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் அவர் அட்டையை மதிக்க ஆரம்பித்தார்.

ஆக, டிக் அடிக்கும் வரியை எழுதுவதற்கு முன்னால் செய்முறையையே மாற்ற வேண்டியிருந்தது. மூன்று நாள் சோதித்தோம். ஆவி அடங்கியதும், அதாவது வடித்து இருபது நிமிடத்தில், தட்டுகளை ஃப்ரிட்ஜில் வைத்தோம். தட்டில் சோறு குவியலாக இருந்த நாளில் ஐந்து மணிக்கு நடுவில் 29. மெல்லிசாகப் பரப்பிய நாளில் 18. அந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாமே. உயரத்தை அளக்க ஸ்கேல் வேண்டாம், சோற்றில் விரலைச் செங்குத்தாக வைத்தால் இரண்டு கணுவுக்கு மேல் மூழ்கக் கூடாது, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். கையுறையுடன்தான்.

இன்னொரு சிக்கலும் வந்தது. 19-ஆம் ஸ்லைடு "எல்லா உணவையும் எப்போதும் மூடி வைக்கவும்" என்கிறது. மூடினால் ஆவி உள்ளேயே தங்கி ஆறாது. ஸ்லைடு படிக்கும்போது இந்த முரண்பாடு தெரியாது, செய்யும்போது மட்டும்தான் தெரியும். ஃப்ரிட்ஜின் மேல் அடுக்கில் வைத்தால் மேலிருந்து எதுவும் சொட்டாது என்பதால், ஆறும் வரை அங்கே திறந்து வைத்து, ஆறியதும் மூடுவது என்று முடிவு செய்தோம். பச்சை இறைச்சி இருக்கும் ஃப்ரிட்ஜ் வேறு. சூடான தட்டுகள் ஒரே நேரத்தில் நிறையப் போனால் ஃப்ரிட்ஜில் இருக்கும் மற்ற பொருளும் சூடாகும் என்பதால், பால், தயிரை அந்த ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டோம்.

கடைசியில் அட்டையில் வந்தது இது:

- வடித்து முடித்த நேரம்: ______
- தட்டில் பரப்பியது இரண்டு கணு உயரத்துக்குள் ☐
- ஃப்ரிட்ஜ் மேல் அடுக்கில் வைத்த நேரம்: ______
- வடித்து 2 மணி நேரத்தில், நடுத் தட்டின் நடுவில்: ______ டிகிரி. 21-க்கு மேல் இருந்தால் கொட்டவும், சூப்பர்வைசரிடம் சொல்லவும்.
- முதல் ஆர்டருக்கு முன் ஃப்ரிட்ஜ்: ______ டிகிரி. 5-க்கு மேல் இருந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிடவும்.
- இரவு மீந்த சோறு கொட்டியாயிற்று ☐

ஸ்லைடில் இரண்டு வரி, அட்டையில் ஆறு வரி. ஆனால் இதில் ஒன்றுக்குக்கூட யோசிக்கத் தேவையில்லை, பார்த்தால் தெரியும் அல்லது எண்ணை எழுத வேண்டும்.

வரி எழுதும்போது கவனிக்க வேண்டியவை

மேலே உள்ள ஆறு வரிகளைத் திரும்பப் பார்த்தால் மூன்று விஷயம் தெரியும். ஒன்று, "சரியாக", "போதுமான", "உரிய", "முறையான" என்ற சொற்களே இல்லை. இந்தச் சொற்கள் ஸ்லைடில் நிறைய வரும், எங்கே பார்த்தாலும் அடிக்கோடிடுங்கள், அந்த இடத்தில் ஒரு எண்ணோ, கண்ணால் காணும் ஓர் அடையாளமோ வர வேண்டும். "கைகளை முறையாகக் கழுவவும்" என்பதை ஒருவர் கழுவினாரா என்று பிறகு யாராலும் பார்க்க முடியாது, ஆனால் "கழுவும் தொட்டியில் சோப்பு இருக்கிறது, துடைக்கத் தாள் இருக்கிறது" என்பதைப் பார்க்க முடியும். எங்கள் கடையில் கை கழுவாததற்குப் பாதிக் காரணம் பதினொரு மணிக்கே சோப்புத் தீர்ந்துபோனதுதான்.

இரண்டாவது, தவறினால் என்ன செய்வது என்பது அதே வரியிலேயே இருக்கிறது. அது இல்லாவிட்டால் 26 டிகிரி என்று பார்த்தவர் என்ன செய்வார்? முதலாளி திட்டுவாரோ என்று 20 என்று எழுதிவிடுவார். கொட்டும் அதிகாரத்தை அட்டையே அவருக்குக் கொடுக்க வேண்டும், அதற்கு முதலாளியிடம் முன்கூட்டியே பேசி, கொட்டிய சோற்றின் காசை யார் சம்பளத்திலும் பிடிக்கமாட்டோம் என்று ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இதை வாங்காமல் அட்டையை மாட்டாதீர்கள்.

மூன்றாவது, அளக்க முடியாததை அளப்பதுபோல எழுதக் கூடாது. பொரிக்கும் எண்ணெயில், திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது கூடிக்கொண்டே போகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி, 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்லைடில் அந்த எண் இருந்தது. ஆனால் அதை அளக்க மீட்டர் வேண்டும், எங்களிடம் அப்போது இல்லை. அப்போது "25 சதவீதத்துக்குள் உள்ளது ☐" என்று போட்டால் அது தினமும் ஒரு பொய்யை எழுதச் சொல்வது. மீட்டர் வாங்கும் வரை "எண்ணெய் மாற்றிய தேதி ______, நுரை அடங்காமல் நிற்கிறதா, வழக்கமான தீயிலேயே புகைகிறதா" என்று மட்டும் போட்டேன். அந்த அறிகுறிகள் தெரிந்தால் எண்ணெயை மாற்ற வேண்டும். 25 சதவீதத்துக்கு இது ஈடாகாது, ஆனால் எழுதுவது உண்மையாக இருக்கும்.

அட்டையை எங்கே, எப்படி

ஓர் ஆளுக்கு, ஒரு நிறுத்தத்துக்கு, ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம். சைனீஸ் மாஸ்டர் அட்டை அவர் அடுப்புப் பக்கத்துச் சுவரில், பால் இறக்குபவர் அட்டை பின்வாசலில். எல்லாவற்றையும் சேர்த்து ஆபீஸில் ஒரு ஃபைலாக வைத்தால் மீண்டும் கல்லாவில்தான் நிரப்பப்படும். பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், இது சின்ன விஷயமாகத் தெரியும், பேனா தேடும் அரை நிமிடத்தில்தான் பல வரிகள் காணாமல் போகின்றன. தெர்மாமீட்டரும் அட்டைக்குப் பக்கத்திலேயே ஆணியில் இருக்கட்டும், துடைக்கும் ஸ்பிரிட் துணியோடு.

லேமினேட் செய்து மார்க்கரில் எழுதி அழிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அழித்தால் நேற்றைய எண் போய்விடும். தாளாகவே இருக்கட்டும், ஒரு தாளில் ஏழு நாள் பக்கம் பக்கமாக. அப்போதுதான் வாரம் முழுக்க என்ன நடந்தது என்று ஒரே பார்வையில் தெரியும்.

மொழியை மறக்காதீர்கள். எங்கள் அடுப்படியில் பாதிப் பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். பாத்திரம் கழுவும் இடத்து அட்டையை இந்தியில் எழுதி, அவர்களில் ஒருவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். எழுத்தே வராதவருக்குப் படம் வரைந்தோம்: இரண்டு கணு விரல், தெர்மாமீட்டர், 21 என்ற எண். எண் எல்லோருக்கும் புரிகிறது.

முதல் இரண்டு வாரம் என்ன பார்க்க வேண்டும்

தினமும் சாயங்காலம் தாளைப் பாருங்கள், ஆனால் காலியான கட்டத்தைத் தேடாதீர்கள். காலியாக இருந்தால் அது உண்மையான தாள். அந்த ஆளிடம் போய், ஏன் நிரப்பவில்லை என்று அதட்டாமல், அந்த நேரத்தில் என்ன வேலையாக இருந்தீர்கள் என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில்களில் பாதி, அட்டையின் நேரம் தவறு என்பதுதான். பால் வரும் நேரத்தில் அந்த ஆள் காய்கறி வண்டியில் நின்றுகொண்டிருந்தார், வரியை இன்னொருவருக்கு மாற்றினேன், முடிந்தது.

கவலைப்பட வேண்டியது அளவுக்கு மீறி அழகாக இருக்கும் தாளைப் பார்த்துத்தான். ஃப்ரிட்ஜ் ஏழு நாளும் 4, 4, 4, 4 என்று இருந்தால் யாரோ பார்க்காமல் எழுதுகிறார்கள். நிஜமான ஃப்ரிட்ஜ் 3, 5, 4, 6, 4 என்றுதான் வரும், கரண்ட் போன நாளில் இன்னும் ஏறும். ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதிய டிக்குகளும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்போது சண்டை வேண்டாம். தினமும் ஏதாவது ஒரு வரியை மட்டும், அவர் எழுதி அரை மணிக்குள், நீங்களும் அளந்து பக்கத்தில் பென்சிலில் எழுதுங்கள். எந்த வரி என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். எங்கள் கடையில் ஒரே வாரத்தில் எண்கள் ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டன.

தெர்மாமீட்டரே பொய் சொன்னால் எல்லாம் வீண் என்பதால், வாரம் ஒரு முறை அதைச் சோதிக்கும் வரி என் அட்டையில் இருக்கிறது. ஒரு டம்ளர் நிறைய உடைத்த ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர், கலக்கிவிட்டு ஓரிரு நிமிடம் கழித்துக் குச்சியை நடுவில் பிடித்தால், டம்ளர் அடியைத் தொடாமல், 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. மூன்று காட்டினால் அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள்.

மூன்றாவது வாரம் தாளைக் குறையுங்கள். இரண்டு வாரமும் ஒரு தடவைகூடத் தவறாத வரி இருந்தால், அது தவறினால் யாருக்காவது உடம்பு கெடுமா என்று பாருங்கள். கெடும் என்றால் விட்டு வையுங்கள், இல்லையென்றால் வார அட்டைக்கு மாற்றுங்கள். நான் 31 வரியில் தொடங்கி 24-இல் நின்றேன், நாலு பேருக்கும் நாலு நிறுத்தத்துக்கும் சேர்த்து.

ஸ்லைடு மாறினால்

உங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் மூலப் பிரதியில் மட்டும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்த ஸ்லைடிலிருந்து வந்தது என்று எண்ணைப் போட்டு வையுங்கள். சுவரில் இருக்கும் பிரதியில் அது வேண்டாம், கீழ் மூலையில் அட்டை அச்சிட்ட தேதி போதும். அடுத்த வருடம் புதிய ஸ்லைடு வரும்போது மாறியது எது என்று பார்த்து அந்த வரியை மட்டும் மாற்றலாம், பழைய தேதி போட்ட தாள்களைச் சுவரிலிருந்து எடுத்துவிடலாம். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் சோற்று வரியைக் காட்டி "இது எங்கிருந்து வந்தது" என்று கேட்டபோது, 23-ஆம் ஸ்லைடு என்று காட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் அவர் சைனீஸ் மாஸ்டரிடம் போய், சோற்றை ஏன் மெல்லிசாகப் பரப்புகிறீர்கள் என்று கேட்டார். மாஸ்டர் அட்டையைப் பார்க்காமலே, மே மாதச் சூட்டில் ஃபேன் காற்று பத்தாது சார் என்று ஆரம்பித்து, அந்த 36 டிகிரிக் கதையைச் சொன்னார்.